பிறந்த வருடத்தின் தமிழ்ப் பெயர்: கணக்கு சுலபம், சறுக்குவது ஏப்ரலில்

1974 பிப்ரவரி 5ஆம் தேதி பிறந்த ஒருவர் தன் தமிழ் வருடத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை ஒன்றைத் திறந்து 1974க்கு நேரே பார்க்கிறார். ‘ஆனந்த’ என்று இருக்கிறது. நல்ல பெயர்தான், ஆனால் அது அவருடையது இல்லை. அவர் பிறந்தது பிரமாதீச வருடம், தை மாதம். ஆனந்த வருடம் பிறக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

தமிழ் வருடம் சித்திரை முதல் நாளில் தொடங்கி அடுத்த பங்குனி கடைசியில் முடிகிறது. ஆங்கிலக் கணக்கில் அது ஏப்ரல் நடுவிலிருந்து மறு ஏப்ரல் நடுவரை. ஆகவே ஒரு ஆங்கில ஆண்டுக்குள் இரண்டு தமிழ் வருடங்களின் துண்டுகள் இருக்கின்றன. அட்டவணைகள் இடப் பற்றாக்குறையால் ‘1974 – ஆனந்த’ என்று ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முதல் பாதியில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே ஒரு வருடம் தள்ளிப் போய்விடுகிறார்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களுக்குத் தவறான விடை தருகிற அட்டவணையை என்ன சொல்ல!

சரி, கணக்குக்கு வருவோம். அறுபது பெயர்களில் முதலாவது பிரபவ. அது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் தொடங்கியது. இன்று நம்மிடையே இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு எண்கள் போதும். 1927 முதல் 1986 வரை என்றால் 1926ஐக் கழிக்க வேண்டும். 1987க்குப் பிறகு என்றால் 1986ஐக் கழிக்க வேண்டும். வருவது அறுபதில் எத்தனையாவது என்ற எண். கழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: சித்திரை பிறக்கும் முன் பிறந்தவராக இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பிப்ரவரிக்காரருக்கு 1974 என்பது 1973 ஆகிறது. 1973இலிருந்து 1926 போனால் 47. நாற்பத்தேழாவது பெயர் பிரமாதீச.

எல்லோருக்கும் தெரிந்த இரண்டு தேதிகளிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நாடு சுதந்திரம் பெற்றது 1947 ஆகஸ்ட் 15. ஏப்ரல் தாண்டிவிட்டதால் ஆண்டைத் தொட வேண்டாம். 1947 கழித்தல் 1926, விடை 21, அதாவது சர்வசித்து. குடியரசானது 1950 ஜனவரி 26. இங்கே ஒன்றைக் குறைத்து 1949. அதிலிருந்து 1926 போனால் 23, விரோதி. அவசரத்தில் 1950ஐ வைத்துப் போட்டால் விக்ருதி என்று தப்பாக வரும்.

இனி அந்த அறுபது பெயர்கள். பஞ்சாங்கங்கள் இவற்றை இருபது இருபதாக மூன்றாகப் பிரிக்கின்றன. முதல் இருபது உத்தமம்: பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத, பிரசோற்பத்தி, ஆங்கீரச, ஸ்ரீமுக, பவ, யுவ, பத்தாவதாகத் தாது, பிறகு ஈஸ்வர, வெகுதானிய, பிரமாதி, விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப, இருபதாவதாக விய. 1987 முதல் 2006 வரை வந்தவை இவை.

அடுத்த இருபது மத்திமம்: சர்வசித்து, சர்வதாரி, விரோதி, விக்ருதி, கர, நந்தன, விஜய, ஜய, மன்மத, முப்பதாவதாகத் துன்முகி, பிறகு ஹேவிளம்பி, விளம்பி, விகாரி, சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி, விசுவாவசு, நாற்பதாவதாகப் பராபவ. 1947 முதல் 1966 வரையிலும், மறுபடி 2007 முதல் 2026 வரையிலும் இந்த வரிசை.

கடைசி இருபது அதமம்: பிலவங்க, கீலக, சௌமிய, சாதாரண, விரோதகிருது, பரிதாபி, பிரமாதீச, ஆனந்த, ராட்சச, ஐம்பதாவதாக நள, பிறகு பிங்கள, காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி, துன்மதி, துந்துபி, ருத்ரோத்காரி, ரக்தாட்சி, குரோதன, அறுபதாவதாக அட்சய. 1967 முதல் 1986 வரை சித்திரை பிறந்த வருடங்கள் முழுக்க இதில் அடங்குகின்றன. இந்தப் பாகுபாட்டை அப்படியே நம்பினால் ஒரு தலைமுறை மொத்தமும் அதமம் ஆகிவிடும். வெறும் வரிசை எண்ணை வைத்து இருபது வருடத்தை நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயரை மனப்பாடம் செய்ய மட்டும் இந்தப் பிரிவு உதவும்.

பட்டியலைப் படிக்கும்போதே ஒரு சிக்கல் கண்ணில் பட்டிருக்கும். பெயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. பிரமாதி பதின்மூன்றாவது, பிரமாதீச நாற்பத்தேழாவது. விரோதி 23, விரோதகிருது 45. பிலவ 35, பிலவங்க 41. குரோதி 38, குரோதன 59. பழைய ஜாதகக் குறிப்பில் பாதி அழிந்த எழுத்தைப் பார்த்து ‘பிரமாதி’ என்று படித்துவிட்டால் 34 வருடம் பிசகிவிடும். போதாததற்கு எழுத்து வேறுபாடு வேறு: ஹேவிளம்பியை ஏவிளம்பி என்றும், சுபகிருதுவைச் சுபகிருத் என்றும், துன்மதியைத் துர்மதி என்றும் எழுதுவார்கள். அது வெறும் எழுத்து வேறுபாடுதான், வருடம் மாறாது. ஆனால் சுபகிருதுவும் சோபகிருதுவும் அடுத்தடுத்த இரண்டு வேறு வருடங்கள். ‘சு’வா ‘சோ’வா என்பதைக் கவனித்தே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த ஏப்ரல் எல்லை. ‘ஏப்ரல் 14’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வருடம் பிறப்பது சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணத்தை வைத்து. அந்த நுழைவு ஒவ்வொரு வருடமும் சுமார் ஆறு மணி நேரம் தள்ளிப் போகும். லீப் ஆண்டு வந்ததும் பின்னுக்கு வரும். நுழைவு சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே சித்திரை 1. அஸ்தமனத்துக்குப் பிறகு என்றால் மறுநாள்தான் சித்திரை 1. இது தமிழ்நாட்டில் வழங்கும் வழக்கு. 2024இல் சூரியன் மேஷத்துக்குள் போனது ஏப்ரல் 13 இரவு. ஆகவே குரோதி வருடத்தின் முதல் நாள் ஏப்ரல் 14 ஆயிற்று. ஏப்ரல் 13 மாலை நாலு மணிக்குப் பிறந்த குழந்தை சோபகிருது வருடம், பங்குனி கடைசி நாள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சாங்க நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, சூரிய உதயத்தில் மாறுகிறது. 2024 ஏப்ரல் 14 விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் 14 என்று இருந்தாலும் பஞ்சாங்கப்படி அது இன்னும் முந்தைய நாள்தான். இந்த மாதிரிப் பிறப்புகளுக்குக் கணக்குப் போட்டு முடிவு சொல்லக் கூடாது. அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தையே எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நுழைவு நேரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒன்றில் அஸ்தமனத்துக்கு முன்பும் மற்றதில் பின்பும் விழுந்தால் சித்திரை முதல் நாளே ஒரு நாள் மாறிவிடும். எந்தப் பஞ்சாங்கத்தைக் குடும்பத்தில் கடைப்பிடிக்கிறார்களோ அதன்படி போவதுதான் வழக்கம்.

பழைய தேதிகளில் எல்லை இன்னும் கொஞ்சம் முன்னே இருக்கும். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் வருடம் ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடம் போல நீளம். எழுபது வருடத்தில் அது ஏறக்குறைய ஒரு நாளாகச் சேர்ந்துவிடுகிறது. 1900களின் தொடக்கத்தில் சித்திரை பெரும்பாலும் ஏப்ரல் 13இல் பிறந்தது. அதற்கும் முன்னே போனால் 12. தாத்தாவின் தாத்தா பிறந்த தேதியை வைத்துத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தெலுங்கு, கன்னடக் குடும்பங்களில் இதே அறுபது பெயர்கள்தான், எண்ணிக்கையும் இதேதான். ஆனால் அங்கே வருடம் உகாதியன்று பிறக்கிறது. அது சந்திரனை வைத்து வருவது. 2025இல் உகாதி மார்ச் 30, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. இடையில் ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்த குழந்தை தெலுங்குக் கணக்கில் விசுவாவசு, தமிழ்க் கணக்கில் இன்னும் குரோதி. இரண்டும் சரிதான். கலப்புக் குடும்பங்களில் இரண்டு ஜோசியர்கள் இரண்டு பெயர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வட இந்தியப் பஞ்சாங்கத்தில் மட்டும் பெயரே பொருந்தாது. ஏன் என்று புரிய, இந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வியாழன், அதாவது குரு, சூரியனைச் சுற்றிவர 11.86 வருடம் ஆகிறது. ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு ராசிப் பயணத்தைத்தான் ஆதியில் ஒரு வருடமாக வைத்துப் பெயர் கொடுத்தார்கள். குருவின் ஐந்து சுற்று சேர்ந்தால் அறுபது பெயர். சனிக்கு ஒரு சுற்று சுமார் 29 அரை வருடம். இரண்டு சுற்று ஏறக்குறைய அறுபதை ஒட்டி வருகிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் ‘பிருகத் சம்ஹிதை’ குருவின் சஞ்சாரத்தைச் சொல்லும்போது இந்த வருடங்களையும் பேசுகிறது.

ஆனால் குரு ஒரு ராசியைச் சராசரியாகக் கடக்க 361 நாள்தான் எடுத்துக்கொள்கிறது. நம் வருடத்தைவிட நாலு நாள் குறைவு. இந்த நாலு நாள் சேர்ந்து சேர்ந்து 85 வருடத்தில் ஒரு முழுப் பெயர் அளவுக்கு வந்துவிடும். வடக்கே குருவை விடாமல் பின்தொடர்ந்து, அந்தச் சமயத்தில் ஒரு பெயரைத் தாண்டிப் போனார்கள். தெற்கே அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, சித்திரைக்குச் சித்திரை ஒரு பெயர் என வரிசையாக ஓட்டினார்கள். இப்போது வடக்கத்திப் பெயர் நம்மைவிடப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் முன்னே நிற்கிறது. நம் வருடப் பெயருக்கும் வானில் குரு நிற்கும் இடத்துக்கும் இன்று தொடர்பு அறுந்துவிட்டது. வானியல் போனாலும் கணக்கு எளிதானது. கழித்தலிலேயே விடை கிடைப்பது தெற்கத்தி முறையால்தான்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. பெயர் மட்டும் தெரிந்தால் எந்தச் சுற்று என்று தெரியாது. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பெரியவர்கள் சொல்வது 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம். 1876இலிருந்து 1866 போனால் 10, தாது. அதே தாது 1936இலும் 1996இலும் வந்து போயிற்று. கதையில் வருகிற தாது எது என்று கேட்பவருக்குச் சந்தேகம் வராது. ஆனால் வீட்டில் கிடைக்கும் பழைய நோட்டில் வெறுமனே ‘துன்மதி வருஷம், தை மாதம் 10ந்தேதி, சனிக்கிழமை’ என்று எழுதியிருந்தால்?

துன்மதி 55ஆவது. 1926ஓடு 55 சேர்த்தால் 1981. முந்தைய சுற்று 1921. தை மாதம் என்பதால் இரண்டிலும் மறு ஆங்கில ஆண்டின் ஜனவரிக்குப் போக வேண்டும் (இதை மறந்தவர்கள்தான் அதிகம்). ஆக 1982 ஜனவரியா, 1922 ஜனவரியா? இரண்டிலும் தை முதல் நாள் ஜனவரி 14, பத்தாம் நாள் ஜனவரி 23. நாட்காட்டியைத் திருப்பினால் 1982 ஜனவரி 23 சனிக்கிழமை, 1922 ஜனவரி 23 திங்கட்கிழமை. குறிப்பு 1982ஐச் சேர்ந்தது. முடிந்தது வேலை.

இது தற்செயலாக அமைந்த உதாரணம் இல்லை. அறுபது தமிழ் வருடத்தில் 21,915 நாள். அதை ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. மாதப் பிறப்பு ஒரு நாள் நகர்ந்திருந்தால் ஆறு. எப்படியும் பூஜ்ஜியம் வராது. அதாவது ஒரே பெயருள்ள வருடத்தில் ஒரே மாதம், ஒரே தேதி, அடுத்த சுற்றில் அதே கிழமையில் வரவே வராது. பழைய ஜாதகங்களில் கிழமையைத் தவறாமல் எழுதி வைத்தார்கள். நமக்கு அது இப்படிக் கைகொடுக்கிறது. கிழமையும் பொருந்தவில்லை என்றால் பெயரையோ தேதியையோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு, பிரமாதி–பிரமாதீச மாதிரி இரட்டைகளைச் சோதிக்க வேண்டும்.

பள்ளிச் சான்றிதழ்த் தேதியும் ஜாதகமும் ஒத்துப்போகாத குடும்பங்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பயன்படும். ஒரு காலத்தில் பள்ளியில் சேர்க்க வசதியாக மே, ஜூனில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடுவது சகஜம். வருடப் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் ஜாதகத் தேதியையே உண்மையான பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளலாம். அரசு ஆவணத்தில் எதைப் போடுவது என்பது வேறு விஷயம்.

2008இல் தமிழ்நாட்டு அரசு தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது, 2011இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கு மாறுமா என்று சிலர் கேட்கிறார்கள். மாறாது. பஞ்சாங்கங்கள் அப்போதும் சித்திரையிலேயே வருடப் பெயரை மாற்றின. திருவள்ளுவர் ஆண்டு இதிலிருந்து முற்றிலும் வேறு. ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் வருவது, அதற்குச் சுழற்சியே கிடையாது.

வருடப் பெயர் பலருக்கு முதன்முதலாகத் தேவைப்படுவது அறுபதாம் கல்யாணத்துக்கு. பிறந்த வருடப் பெயர் திரும்பி வந்து, அதில் பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் சஷ்டியப்த பூர்த்தி செய்கிறார்கள். குருவும் சனியும் பிறந்தபோது நின்ற இடத்துக்கே அன்று வந்து சேர்வதாகச் சொல்வதுண்டு. ஏறக்குறையத்தான் அது: அறுபது வருடத்தில் குரு ஐந்து சுற்று முடித்து இன்னும் இருபது பாகைக்கு மேல் போயிருக்கும், சனியும் பத்துப் பாகைக்கு மேல் தாண்டியிருக்கும்.

தேதி குறிப்பதில் இரண்டு குழப்பம் வரும். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது பிறக்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது முடிந்து செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திருக்கடையூரில் நாள் குறித்துவிடுகிறவர்கள் உண்டு. மற்றது, நாம் ஆரம்பத்தில் பார்த்த அதே ஜனவரி–ஏப்ரல் சறுக்கல். 1967 பிப்ரவரி 20இல் பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் 1967க்கு நேரே பார்த்துப் பிலவங்க என்று வைத்துக்கொண்டால், அந்த வருடத்து மாசி வருவது 2028 பிப்ரவரியில். ஒரு வருடம் தாமதமாகிவிடும். சரியான கணக்கில் 1966 கழித்தல் 1926, விடை 40, பராபவ. 2026 ஏப்ரலில் பிறக்கும் பராபவ வருடத்தின் மாசி 2027 பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. அந்த மாசியில் அவருடைய ஜன்ம நட்சத்திரம் என்றைக்கு என்று பார்த்து நாள் வைக்க வேண்டும். அது பிப்ரவரி 20ஆக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நட்சத்திரச் சுற்று 27 நாள், மாதம் அதைவிட நீளம் என்பதால் சில நட்சத்திரங்கள் மாத ஆரம்பத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையுமாக இரண்டு தடவை வரும். அப்படி வந்தால் பொதுவாக இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்கள். மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் குடும்பத்து வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.